சேவை முகப்புகளின் எண்ணிக்கையைத் தீர்மானித்தல்

சேவை முகப்புகளின் எண்ணிக்கையைத் தீர்மானித்தல் என்பது வரிசைக் கோட்பாட்டின் பயன்பாடுகளுள் ஒன்று. ஓரிடத்தில் வரிசையில் நிற்போர் இழக்கும் நேரத்திற்கு ஒரு செலவு உண்டு. அங்கே கவுண்டரில் ஆட்களை அமர்த்துவதற்கும் ஒரு செலவு உண்டு. கவுண்டர்களைக் கூட்டினால் முதற்செலவு குறையும், இரண்டாவது கூடும். இரண்டையும் சேர்த்த மொத்தச் செலவு எந்த எண்ணிக்கையில் மிகக் குறைவாக வருகிறதோ, அதுவே திறக்க வேண்டிய கவுண்டர்களின் எண்ணிக்கையாகும்.

இக்கணக்கிற்கு அடிப்படையான சூத்திரம் தொலைபேசித் துறையிலிருந்து வந்தது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய டென்மார்க் நாட்டுக் கணிதவியலாளர் ஏ. கே. எர்லாங், அழைப்புகள் எத்தனை வந்தால் எத்தனை இணைப்புகள் வேண்டும் என்பதை ஆராய்ந்து 1917 இல் அதை வெளியிட்டார். ஆனால் காத்திருப்பையும் கூலியையும் பணமாக்கி எதிரெதிரே வைத்துப் பார்ப்பதற்குப் பாடநூல்களில் அதிகம் காட்டப்படும் எடுத்துக்காட்டு வேறு. அது போயிங் விமானத் தொழிற்சாலையின் கருவிக் கிடங்குகள் பற்றியது. பிரிகாம் என்பவர் 1955 இல் அதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்.

== கருவிக் கிடங்குச் சிக்கல் ==

விமானத் தொழிற்சாலையில் மெக்கானிக் ஒவ்வொருவரிடமும் எல்லாக் கருவிகளும் இருக்காது. துளைக்கருவி, அளவி போன்றவை வேண்டும்போது கருவிக் கிடங்கின் முகப்புக்கு வந்து எழுத்தரிடம் கேட்டுப் பெற வேண்டும். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். முகப்பில் கூட்டம் சேர்ந்தால் மெக்கானிக்குகள் கை கட்டி நிற்பார்கள். மேற்பார்வையாளர்கள், "எங்கள் ஆட்களின் நேரம் போகிறது, எழுத்தர்களைக் கூட்டுங்கள்" என்பார்கள். நிர்வாகமோ, "எழுத்தர்கள் பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், மேற்செலவைக் குறையுங்கள்" என்று சொல்லும். இரு தரப்பாரும் கண்ணால் கண்டதையே சொல்கிறார்கள், இருவர் சொல்வதும் உண்மைதான்.

இந்த எடுத்துக்காட்டில் ஒரு வசதி உண்டு. வரிசையில் நிற்பவருக்கும் முகப்பில் இருப்பவருக்கும் கூலி கொடுப்பது ஒரே நிறுவனம். ஆகவே இரண்டு செலவுகளையும் ஒரே நாணயத்தில் கூட்டத் தயக்கம் இல்லை.

கீழே வரும் எண்கள் போயிங்கின் பதிவேட்டிலிருந்து எடுத்தவை அல்ல. கையால் கணக்கிட்டுப் பார்ப்பதற்கு எளிதாக இருக்கும்படி கொள்ளப்பட்டவை.

ஒரு கிடங்குக்கு மணிக்குச் சராசரியாக 96 பேர் வருகிறார்கள். ஒருவரைக் கவனித்து அனுப்பச் சராசரியாக 75 விநாடி ஆகிறது, அதாவது ஓர் எழுத்தர் மணிக்கு 48 பேரைக் கவனிக்க முடியும். எத்தனை எழுத்தர்கள் வேண்டும்? இதை வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் 96 ஐ 48 ஆல் வகுத்து உடனே "இரண்டு" என்பார்கள். பெரியவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

== சராசரியை மட்டும் பார்த்தால் ஏன் தவறுகிறது ==

96 பேர் சரியாக 37.5 விநாடிக்கு ஒருவராக வந்து, ஒவ்வொருவருக்கும் சரியாக 75 விநாடியே ஆனால் இரண்டு எழுத்தர்கள் போதும். நடப்பில் மூவர் சேர்ந்தாற்போல் வருவார்கள், பிறகு இரண்டு நிமிடம் ஒருவரும் வரமாட்டார்கள். ஒருவருக்கு 20 விநாடியில் கருவி கிடைத்துவிடும், அடுத்தவருக்கு அலமாரியின் அடியில் தேட வேண்டியிருக்கும். ஆள் வராத அந்த இரண்டு நிமிடங்களில் எழுத்தர் சும்மா இருந்த நேரத்தைச் சேமித்து வைத்து, பின்னால் கூட்டம் வரும்போது எடுத்துச் செலவிட முடியாது. இழந்த நேரம் இழந்ததுதான். ஆகவே திறனும் தேவையும் சமமாக இருக்குமிடத்தில் வரிசை வளர்ந்துகொண்டே போகும், மீள வழியில்லை. இரண்டு எழுத்தர்கள் என்ற விடை முதலிலேயே தள்ளுபடி ஆகிறது.

மூன்றா, நான்கா, ஐந்தா என்பதே உண்மையான கேள்வி. அதற்கு விடை சொல்லத்தான் எர்லாங்கின் சூத்திரம் வேண்டும்.

== கணக்கிடும் முறை ==

வருகை வீதத்தைச் சேவை வீதத்தால் வகுத்து வரும் எண்ணை a என்போம். இங்கே a = 96/48 = 2. எழுத்தர்களின் எண்ணிக்கை c. வருகைகள் ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக நிகழ்வதாகவும் (பாய்சான் பரவல்), சேவை நேரங்கள் அடுக்குக்குறிப் பரவலில் அமைவதாகவும், எல்லாரும் ஒரே வரிசையில் நின்று காலியாகும் முகப்புக்குச் செல்வதாகவும் கொள்ள வேண்டும்.

நூல்களில் இந்தச் சூத்திரம் தொடர்பெருக்கங்களுடன் நீளமாக இருக்கும். சாதாரணக் கால்குலேட்டரில் போட வசதியான வடிவம் ஒன்று உண்டு. B(0) = 1 என்று தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏற வேண்டும்:

```
B(n) = a·B(n-1) / (n + a·B(n-1))
C    = B(c) / (1 - (a/c)·(1 - B(c)))
Lq   = C · a / (c - a)
```

இதில் C என்பது வருபவர் காத்திருக்க நேரிடும் நிகழ்தகவு. Lq என்பது வரிசையில் சராசரியாக நிற்போரின் எண்ணிக்கை. முகப்பில் கவனிக்கப்பட்டுக் கொண்டிருப்பவர் இதில் சேரமாட்டார்.

a = 2 க்குப் போட்டுப் பார்ப்போம். B(1) = 2/3. B(2) = 0.4. B(3) = 0.8/3.8 = 0.2105. மூன்று எழுத்தர்கள் இருந்தால் C = 0.444 என்று வருகிறது. வருபவர்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் காத்திருக்க வேண்டியிருக்கும். Lq = 0.444 × 2/1 = 0.889. எப்போது எட்டிப் பார்த்தாலும் சராசரியாக 0.889 பேர் வரிசையில் நிற்பார்கள். இதை மணிக்கு 96 என்ற வருகையால் வகுத்தால் ஒருவரின் சராசரிக் காத்திருப்பு 33 விநாடி. வரிசை நீளம், வருகை வீதம், காத்திருப்பு நேரம் மூன்றையும் இவ்வாறு இணைக்கும் விதி லிட்டில் விதி எனப்படும். ஜான் லிட்டில் 1961 இல் அதற்குப் பொதுவான நிறுவலைத் தந்தார்.

அதே வழியில் ஏறினால் நான்கு எழுத்தர்களுக்கு Lq = 0.174, ஐந்துக்கு 0.040, ஆறுக்கு 0.009. மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது வரிசை ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அதற்கு மேல் சுருங்குவதற்கு அதிகம் மிச்சமில்லை.

இப்போது பணத்தைச் சேர்க்கலாம். எழுத்தருக்கு மணிக்கு 120 ரூபாய். மெக்கானிக் ஒரு மணி நேரம் நின்றால் அவருடைய கூலியும் அவருக்காகக் காத்துக் கிடக்கும் வேலையும் சேர்ந்து 300 ரூபாய் இழப்பு என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு மொத்தச் செலவு 120·c + 300·Lq.

| எழுத்தர்கள் | வரிசையில் நிற்போர் | கூலி (ரூ.) | காத்திருப்பு (ரூ.) | மொத்தம் (ரூ.) |
|---|---|---|---|---|
| 3 | 0.889 | 360 | 267 | 627 |
| 4 | 0.174 | 480 | 52 | 532 |
| 5 | 0.040 | 600 | 12 | 612 |

நான்கு எழுத்தர்களே சிக்கனம். முகப்பில் கவனிக்கப்படும் நேரத்திற்கான மெக்கானிக்கின் செலவை இங்கே சேர்க்காததற்குக் காரணம் உண்டு. எத்தனை எழுத்தர்கள் இருந்தாலும் கவனிக்கப்பட்டுக் கொண்டிருப்போர் சராசரியாக 2 பேர்தான். அது எல்லா வரிசைகளிலும் ஒரே தொகையாக வந்து ஒப்பீட்டில் அடிபட்டுப் போகும்.

இந்தச் சிக்கனமான ஏற்பாட்டில் ஓர் எழுத்தர் எவ்வளவு நேரம் வேலையாக இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். a/c = 2/4, அதாவது சரிபாதி நேரம்தான். மீதிப் பாதி நேரம் அவர் சும்மா இருக்கிறார். நிர்வாகம் குறை சொன்னது இதைத்தான். ஒருவரை நீக்கினால் மற்ற மூவரும் 67 விழுக்காடு நேரம் வேலையாக இருப்பார்கள், பார்ப்பதற்கும் நன்றாக இருக்கும். ஆனால் மணிக்கு 95 ரூபாய் கூடுதலாகப் போகும். அந்த இழப்பு கிடங்கின் கணக்கில் வராமல், வெவ்வேறு பிரிவுகளின் கூலிக் கணக்கில் சிதறி மறைந்துவிடும்.

== காத்திருப்புச் செலவைத் துல்லியமாக அறிய வேண்டுமா? ==

இந்த முறையைக் கேட்டவுடன் எழும் மறுப்பு, "காத்திருப்பின் விலையை யாரால் சொல்ல முடியும்?" என்பதே. நியாயமான மறுப்புதான். ஆனால் இதற்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது.

மூன்றாவது எழுத்தருக்குப் பின் நான்காமவரைச் சேர்த்தால் வரிசை 0.889 − 0.174 = 0.715 அளவு குறைகிறது. ஐந்தாமவரைச் சேர்த்தால் மேலும் 0.134 மட்டுமே குறைகிறது. ஒரு புதிய எழுத்தர் குறைக்கும் காத்திருப்பின் மதிப்பு அவருடைய கூலியைவிட அதிகமாக இருக்கும்வரை சேர்க்கலாம், அதற்கு மேல் நிறுத்திவிட வேண்டும். ஆகவே எழுத்தரின் கூலியைக் காத்திருப்புச் செலவால் வகுத்து வரும் விகிதம் 0.134 க்கும் 0.715 க்கும் இடையில் எங்கே இருந்தாலும் விடை நான்குதான். நம் எடுத்துக்காட்டில் அந்த விகிதம் 120/300 = 0.4.

இதைத் திருப்பிச் சொன்னால், மெக்கானிக்கின் ஒரு மணி நேரத்தின் மதிப்பு 168 ரூபாயிலிருந்து சுமார் 895 ரூபாய் வரை எதுவாக இருந்தாலும் நான்கு எழுத்தர்களே சரி. 300 என்று நாம் கொண்டது 400 ஆக இருந்தால் என்ன, 250 ஆக இருந்தால் என்ன? முடிவு மாறாது. எழுத்தர்கள் முழு எண்களாகவே வருவதால் கிடைக்கும் சலுகை இது. விலையை நாணய சுத்தமாக அறிய வேண்டியதில்லை. அது எந்த எல்லைகளுக்குள் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். இரண்டு எல்லைகளில் ஒன்றுக்கு மிக அருகில் வந்தால்தான் நிறுத்தி யோசிக்க வேண்டும்.

== எங்கே தவறக்கூடும் ==

பெரும்பாலான தவறுகள் நாள் முழுமைக்கும் ஒரே சராசரி எடுப்பதில் தொடங்குகின்றன. எட்டு மணி நேர வேலையில் இரண்டு மணி நேரம் 144 பேரும், நான்கு மணி நேரம் 96 பேரும், இரண்டு மணி நேரம் 48 பேரும் வருவதாகக் கொள்வோம். நாளின் சராசரி மணிக்கு 96 தான். சராசரியை நம்பி நாள் முழுதும் நால்வரை வைத்தால் கூலி 3,840 ரூபாய். நெரிசல் நேரத்தில் வரிசை சராசரியாக 1.53 பேராக நீளும். காத்திருப்பு இழப்பு நாளுக்குச் சுமார் 1,130 ரூபாய், மொத்தம் 4,970. ஒவ்வொரு நேரப் பகுதிக்கும் தனித்தனியே கணக்குப் போட்டால் முறையே ஐவர், நால்வர், இருவர் என்று விடை வருகிறது. கூலி 3,600, காத்திருப்பு இழப்பு சுமார் 620, மொத்தம் 4,220. கூலியும் குறைகிறது, காத்திருப்பும் குறைகிறது. ஒரு மணி நேரத்திற்கென்று ஆளை வேலைக்கு எடுக்க முடியாதுதான். ஆனால் கருவிகளைத் துடைத்து அடுக்குவது, சாணை பிடிப்பது போன்ற வேலைகளை ஓய்வு நேரத்திற்கு ஒதுக்கி, நெரிசலில் எல்லாரையும் முகப்புக்கு வரவழைக்க முடியும். நியூயார்க் துறைமுக ஆணையத்தின் சுங்கச் சாவடிகளை ஆராய்ந்து 1954 இல் லெஸ்லி ஈடி எழுதிய கட்டுரையும் போக்குவரத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப நேரவாரியாக வசூலிப்பவர்களை அமர்த்துவதையே கணக்கிட்டது.

இரண்டாவது தவறு, சேவை நேரத்தின் ஏற்றத்தாழ்வை அளக்காமல் விடுவது. மேலே போட்ட கணக்கு, சேவை நேரங்களின் திட்ட விலக்கம் அவற்றின் சராசரிக்குச் சமம் என்று எடுத்துக்கொண்டது. எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சேவை, ஒரே 75 விநாடி என்றால் வரிசை ஏறத்தாழ பாதியாகிவிடும். அப்போது மூன்று எழுத்தர்களுக்கும் நான்கு எழுத்தர்களுக்கும் இடையிலான வேறுபாடு 0.4 க்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். இதே கூலியில் மூவரே சிறிதளவு மலிவாக வருவார்கள். ஆகவே நிறுத்துகடிகாரத்துடன் நூறு பேரையாவது அளந்து, சராசரியையும் திட்ட விலக்கத்தையும் எடுத்த பிறகே சூத்திரத்தைத் தொட வேண்டும். வருகையையும் இதேபோல் சோதிக்கலாம். ஒரே நேரப் பகுதியில் ஐந்தைந்து நிமிடங்களாக வருவோரை எண்ணிப் பார்த்து, அவ்வெண்களின் மாறுபாட்டு அளவை சராசரிக்கு அருகில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாறுபாடு சராசரியைவிட மிக அதிகமாக இருந்தால் ஆட்கள் கூட்டங் கூட்டமாக வருகிறார்கள் என்று பொருள். சூத்திரம் காட்டுவதைவிட வரிசை நீளமாகவே இருக்கும்.

மூன்றாவது தவறு எளிதில் கண்ணில் படாது. வரிசை நீண்டிருப்பதைக் கண்டு சிலர் திரும்பிப் போய்விடுவார்கள். கருவிக் கிடங்கில் இது வேறு விதமாகவும் நடக்கும். மெக்கானிக் ஒருவர் நாளை மறுபடி நிற்க வேண்டுமே என்று கருவியைத் திருப்பிக் கொடுக்காமல் தன் பெட்டியில் வைத்துக்கொள்வார். முகப்பில் நின்று எண்ணுபவர் வந்தவர்களை மட்டுமே எண்ணுவார். ஆட்கள் குறைவாக இருக்கும் இடத்தில் எடுத்த கணக்கு தேவையைக் குறைத்தே காட்டும். எழுத்தர் ஒருவரைச் சோதனையாகச் சில நாள் கூடுதலாக வைத்துப் பார்த்தால், வருகை எண்ணிக்கை தானாக ஏறுகிறதா என்பது தெரிந்துவிடும். ஏறினால் பழைய எண்ணிக்கை நம்பத் தகாதது.

== காத்திருப்பவர் வெளியாள் ஆனால் ==

கருவிக் கிடங்கில் இரு செலவும் ஒரே பையிலிருந்து போயின. பொதுமக்கள் வரும் அலுவலகத்தில் கவுண்டரின் செலவு அலுவலகத்துடையது, காத்திருப்பின் செலவு வந்தவருடையது. அலுவலகத்தின் வரவுசெலவில் அந்த இரண்டாவது செலவுக்கு இடமே இல்லை. அங்கே காத்திருப்புக்கு எவ்வளவு விலை வைப்பது என்று வாதாடிக் கொண்டிருப்பதைவிட, இதே கணக்கைத் தலைகீழாகப் போடுவது பயனுள்ளது. இப்போது இருக்கும் கவுண்டர்களின் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, "இது சிக்கனம் என்றால் காத்திருப்பவரின் நேரத்திற்கு என்ன விலை வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்க வேண்டும்.

மணிக்கு 54 பேர் வரும் கட்டணக் கவுண்டர் ஒன்றைக் கொள்வோம். ஒருவருக்கு மூன்று நிமிடம், அதாவது ஓர் ஊழியர் மணிக்கு 20 பேர். a = 2.7. மூன்று கவுண்டர்கள் திறந்திருக்கின்றன. ஊழியர்கள் 90 விழுக்காடு நேரம் வேலையாக இருக்கிறார்கள். கோப்பில் இது மெச்சத்தக்க எண்ணாகத் தெரியும். மேற்கண்ட சூத்திரத்தின்படி வரிசையில் சராசரியாக 7.35 பேர் நிற்பார்கள், ஒருவர் காத்திருப்பது சராசரியாக 8 நிமிடத்துக்குச் சற்று மேல். நான்காவது கவுண்டரைத் திறந்தால் வரிசை 0.81 பேராகவும், காத்திருப்பு ஒரு நிமிடத்துக்குள்ளும் இறங்கும். அதாவது ஒரு கவுண்டர் 6.54 பேரை வரிசையிலிருந்து விடுவிக்கிறது.

அந்த ஊழியரை அமர்த்த மணிக்கு 200 ரூபாய் ஆகும் என்றால், 200/6.54 என்பது சுமார் 31 ரூபாய். நான்காவது கவுண்டரைத் திறக்காமல் இருப்பது சிக்கனம் என்று சொல்ல வேண்டுமானால், வரிசையில் நிற்பவர் ஒருவரின் ஒரு மணி நேரம் 31 ரூபாய்க்கும் குறைவான மதிப்புடையது என்று அந்த அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். நின்றவர் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவராகவும் இருக்கலாம்.